‘சுகர் ஃப்ரீ’ பலகைக்குப் பின்னால் எத்தனை கிராம்?

தீபாவளி நெருங்கும்போது விழுப்புரம் பாகர்ஷா வீதியிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் இனிப்புக் கடைகளின் வாசலில் பந்தல் விழுந்துவிடும். அரைக் கிலோ, ஒரு கிலோ பெட்டிகள் அடுக்கடுக்காக ஏறும். அட்வான்ஸ் ஆர்டர் எடுக்கத் தனி மேசை போடுவார்கள். சென்னைக் கடைகளில் தொடங்கிய ஒரு பழக்கம் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கென்று ஒரு தனி அலமாரி, அதன் மேல் ‘சுகர் ஃப்ரீ’ என்றோ ‘சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது’ என்றோ ஒரு பலகை. அந்த அலமாரி இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வீட்டில் எல்லோரும் இனிப்பு எடுத்துக்கொள்ளும் நாளில் ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை. ஆனால் அந்தப் பலகையில் இப்போது எழுதப்படும் சொற்களை எடுத்துவிட்டு, உண்மையைச் சொல்லும் வேறு சொற்களை எழுத வேண்டும்.

யாருக்காக இந்த அறிவிப்பு என்பதை முதலில் பார்த்துவிடலாம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினர். இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில் 26.3 விழுக்காடு, அதாவது நான்கு பேரில் ஒருவருக்கும் மேல். ஆகவே கடைக்கு வரும் பண்டிகைக் கூட்டத்தில் இவர்கள் ஓரத்தில் நிற்கும் சிறு கூட்டமல்ல. தனக்கு வாங்குகிறவரைவிட, அப்பாவுக்கும் அத்தைக்கும் வாங்கிச் செல்லும் பிள்ளைகள்தான் அந்தப் பலகையைப் பார்த்து நம்பி வாங்குகிறார்கள்.

‘சுகர் ஃப்ரீ’ என்பது கடைக்காரர் விருப்பப்படி பயன்படுத்தும் சொல் அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் கொண்டுவந்த விளம்பர விதிமுறைகள் அதற்கு அளவு வைத்திருக்கின்றன. நூறு கிராம் பண்டத்தில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால்தான் ‘சர்க்கரை அற்றது’ எனலாம். ஐந்து கிராமுக்குள் இருந்தால் ‘சர்க்கரை குறைவு’. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்பது மூன்றாவது வாசகம். அதற்கும் தனி நிபந்தனைகள் உண்டு. இங்கே சர்க்கரை என்றால் கடையில் வாங்கும் வெள்ளைச் சீனி மட்டுமல்ல. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், பாலில் இயல்பாகவே இருக்கும் லாக்டோஸ் எல்லாம் கணக்கில் சேரும். ‘சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது’ என்று சொல்வதற்கோ, எத்தனை கிராம் இருந்தால் அப்படிச் சொல்லலாம் என்ற அளவு அந்த விதிமுறைகளில் கிடையாது. அளவில்லாத இந்தச் சொல்லைத்தான் நம் கடைகள் மிகப் பெரிய எழுத்தில் எழுதுகின்றன.

பால்கோவாவை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் ஏறத்தாழ 200 கிராம் கோவா கிடைக்கும். அந்த ஒரு லிட்டர் பாலில் 46 கிராம் அளவுக்கு லாக்டோஸ் இருக்கிறது. காய்ச்சும்போது ஆவியாவது தண்ணீர்தான். லாக்டோஸ் முழுவதும் வாணலியிலேயே தங்கிவிடும். எனவே ஒரு சிட்டிகை சீனிகூடப் போடாமல், இனிப்புக்குச் சுக்ரலோஸ் மட்டும் சேர்த்துக் கிளறிய கோவாவிலும் நூறு கிராமுக்கு 23 கிராம் சர்க்கரை இருக்கும். சட்டம் சொல்லும் அரை கிராம் எங்கே, இந்த 23 கிராம் எங்கே? ‘சுகர் ஃப்ரீ பால்கோவா’ என்று எந்தக் கடை எழுதினாலும், எவ்வளவு நல்லெண்ணத்துடன் எழுதினாலும், அது தவறான வாசகம். சாதாரணப் பாலிலிருந்து அப்படி ஒரு பண்டத்தைச் செய்யவே முடியாது.

ஆனால் அதே கோவாவைப் பற்றிச் சொல்ல நல்ல உண்மை ஒன்றும் இருக்கிறது. வழக்கமான பால்கோவாவில் லிட்டருக்கு 100 கிராம் சீனி போடுவதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 300 கிராம் பண்டத்தில் சீனியும் லாக்டோஸும் சேர்ந்து 146 கிராம். ஐம்பது கிராம் கிண்ணத்தில் சுமார் 24 கிராம். சீனி போடாத கோவாவில் அதே கிண்ணத்துக்குச் சுமார் 12 கிராம். சரிபாதி குறைந்திருக்கிறது. ரத்தத்தில் லாக்டோஸ் ஏற்றும் சர்க்கரை, சீனி ஏற்றுவதைவிடக் கொஞ்சம் நிதானமாகவும் ஏறும். ‘எங்கள் வழக்கமான பால்கோவாவில் இருக்கும் சர்க்கரையில் பாதிதான் இதில்’ என்று ஒரு கடை எழுதினால் அது உண்மை. வாங்குகிறவருக்கும் அதை வைத்துக் கணக்குப் போட முடியும்.

மைசூர்பாகில் சிக்கல் வேறு வகை. அங்கே சீனி இனிப்புக்கு மட்டும் போடுவதில்லை. பாகு கம்பிப் பதத்துக்கு வந்தால்தான் கடலை மாவையும் நெய்யையும் பிடித்துத் துண்டாக நிறுத்தும். எடையில் பெரும்பங்கும் சீனிதான் தருகிறது. கால் கிலோ கடலை மாவுக்கு அரைக் கிலோ சீனி, அரைக் கிலோ நெய் என்று போடும் பக்குவத்தில், 30 கிராம் துண்டு ஒன்றில் 6 கிராம் மாவு, 12 கிராம் சீனி, 12 கிராம் நெய் இருக்கும். கலோரி 180. சுக்ரலோஸ் சீனியைவிட 600 மடங்கு இனிப்பு. அரைக் கிலோ சீனிக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகப் போதும். இனிப்பு கிடைத்துவிடும். காணாமல் போன அரைக் கிலோ எடைக்கு என்ன செய்வது?

ஒன்றும் செய்யாமல் விட்டால், மீதி இருப்பது மாவும் நெய்யும். அப்போது அதே 30 கிராம் துண்டில் நெய் 12 கிராமிலிருந்து 20 கிராமாக ஏறிவிடும். கலோரி 220 ஆகும். சர்க்கரையை எடுத்துவிட்டோம் என்று பெருமைப்படும் துண்டு பழைய துண்டைவிடக் கொழுப்பு மிகுந்ததாகிவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இதய நோயும் சேர்ந்தே வருவது வழக்கம் என்பதால் இது சிறிய விஷயமல்ல. பலகாரம் போடும் மாஸ்டர்கள் இதை அறிந்துதான் மால்டிட்டால் என்ற பொருளைச் சீனியின் எடைக்குச் சமமாகப் போடுகிறார்கள். அது சீனியைப் போலவே பாகாகும், துண்டு போட வரும். சீனியைவிட ரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றும். ஆனால் ஏற்றாமல் இருக்காது. கிராமுக்கு 4 கலோரிக்குப் பதில் 2.4. அந்தக் கணக்கில் துண்டு ஒன்றுக்கு 160 கலோரி வரும். மொத்தச் சேமிப்பு 20 கலோரி. உடல் எடை குறையும் என்று இதை வைத்து யாரும் விளம்பரம் செய்ய இடமில்லை.

மால்டிட்டாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. சிறுகுடலில் முழுவதும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிக்கும். ஒரு துண்டில் 12 கிராம். ‘சர்க்கரைதான் இல்லையே’ என்று மூன்று துண்டு சாப்பிட்டால் 36 கிராம். பலருக்கு வயிறு உப்பி, பொருமி, பேதியாகும் அளவு அது. பெட்டியில் அடைத்து விற்கும் பண்டத்தில் இந்த எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. தட்டில் வைத்து எடை போட்டுத் தரும் பண்டத்தில் அதை யார் சொல்வார்கள்? கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். தீபாவளி மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் பெரியவருக்கு, காலையில் தின்ற ‘உகந்த’ இனிப்புதான் காரணம் என்று தெரியவே வாய்ப்பில்லை.

மாஸ்டர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று, சுக்ரலோஸ் தூள் வாங்கும் பொட்டலம். அளப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று சில தூள்களில் மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருப்பார்கள். அது மாவுச்சத்திலிருந்து வருவது. சட்டத்தின் கணக்கில் அது சர்க்கரையில் சேராது, உடம்பின் கணக்கில் குளுக்கோஸைப் போல வேகமாக ஏறும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் கிலோக் கணக்கில் கொட்டினால், பலகை ஒன்று சொல்லும், குளுக்கோமீட்டர் வேறொன்று சொல்லும்.

இனிப்பூட்டிகளைப் பற்றி ஒரு பயமும் ஊரில் உலவுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். எடையைக் குறைக்கும் வழியாக இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றுதான் அது சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட இனிப்பூட்டியை அனுமதிக்கப்பட்ட அளவில் பயன்படுத்தும் கடையைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. எந்த இனிப்பூட்டி என்று பெயரைச் சொல்லிவிட்டால் போதும்.

இனி வெல்லத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் அதைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையும் இருக்கிறது, அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. கரும்பு இந்த மண்ணின் பயிர். விக்கிரவாண்டி வட்டாரத்துப் பனையேறிகள் காய்ச்சும் கருப்பட்டி இந்த மண்ணின் பெருமை. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை, நாட்டு வெல்லம் மட்டுமே, சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்’ என்ற வரி எங்கே கண்டாலும் அதை அழிக்க வேண்டும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் ஏறத்தாழ எண்பது விழுக்காடு, சில நேரம் அதற்கு மேலும், சர்க்கரைதான். கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் கூடுதல். ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அவை தடுக்காது. கருப்பட்டி மிட்டாயைக் கருப்பட்டி மிட்டாய் என்றே விற்கட்டும். பனையேறிக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

பேரீச்சம்பழ லட்டுவின் கதையும் இதுதான். 25 கிராம் உருண்டையில் 15 கிராம் பேரீச்சை இருந்தால், அதில் சர்க்கரை மட்டும் பத்து கிராம் அளவுக்கு வரும். இரண்டு தேக்கரண்டிச் சீனிக்கு நிகர். சீனிக்குப் பதிலாக உலர்பழ விழுதைப் போட்டுவிட்டு ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று எழுதக் கூடாது என்றும் அதே 2018 விதிமுறைகள் சொல்கின்றன. பாதாமும் முந்திரியும் மேலே தூவியிருப்பதால் இந்த விதி மாறிவிடாது.

‘உகந்தது’ என்ற ஒரு சொல்லில் இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று கேட்கலாம். ஜெர்மனி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. அங்கே பல பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனிச் சாக்லேட்டும் பிஸ்கட்டும் தனி விதிகளின் கீழ் விற்பனையாயின. அவற்றில் சீனிக்குப் பதில் ஃபிரக்டோஸ் போன்றவை இருந்தன. கொழுப்பும் கலோரியும் பல நேரம் குறையவில்லை. சர்க்கரை நோயாளிக்குத் தனிப் பண்டம் தேவையில்லை, எல்லோருக்கும் நல்ல அளவான உணவே அவருக்கும் நல்லது என்று மருத்துவ அறிவு மாறியபின், 2010இல் அந்த விதிகளையே நீக்கிவிட்டார்கள். இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து, 2012 அக்டோபருடன் அந்த முத்திரை கடைகளிலிருந்து போனது. விற்பனைக்குத் தடை போடவில்லை; பண்டத்துக்கு நோயின் பெயரை முத்திரையாகக் குத்துவதைத்தான் நிறுத்தினார்கள்.

நம் நாட்டில் சட்டம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வருகிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவச் சட்டம் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. உணவைப் பற்றித் தவறான விளம்பரம் தந்தால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘வெந்தயம் சேர்த்த லட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும்’ என்று பண்டிகை நோட்டீசில் ஒரு வரி எழுதும் கடைக்காரர், தெரியாமலேயே இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

அப்படியானால் என்னதான் எழுதுவது? விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு கடை இந்தத் தீபாவளிக்கு நேர்மையான அறிவிப்பு வைக்க விரும்பினால், இப்படி எழுதலாம்:

“சர்க்கரையைக் குறைத்துச் செய்த இனிப்புகள். பால்கோவா: சீனி சேர்க்கவில்லை, இனிப்புக்குச் சுக்ரலோஸ். பாலிலுள்ள சர்க்கரை 50 கிராம் கிண்ணத்துக்குச் சுமார் 12 கிராம். எங்கள் வழக்கமான பால்கோவாவில் சுமார் 24 கிராம். மைசூர்பாகு: சீனிக்குப் பதில் மால்டிட்டால். 30 கிராம் துண்டில் நெய் 12 கிராம், கலோரி சுமார் 160. இரண்டு துண்டுக்கு மேல் சாப்பிட்டால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வரலாம். இவை மருந்தல்ல, ரத்தச் சர்க்கரையைக் குறைக்காது. மாத்திரையையோ ஊசியையோ மாற்ற வேண்டாம். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தவருக்கு இவற்றைக் கொடுக்காதீர்கள், குளுக்கோஸ் கொடுங்கள்.”

கடைசி வரியை நான் சும்மா சேர்க்கவில்லை. இன்சுலின் போடுகிறவருக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் பண்டிகை நாள் ஆபத்தானது. விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், ஊசி போட்டாகிவிட்டது, பூஜை முடியாமல் சிற்றுண்டி தள்ளிப்போகிறது. கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றும். பக்கத்தில் இருப்பவர் பதறி வாயில் ஓர் இனிப்பை வைப்பார். அது சீனி இல்லாத மைசூர்பாகாக இருந்தால், இறங்கிய சர்க்கரை நேரத்துக்கு ஏறாது. நெய் அதை இன்னும் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீர். சர்க்கரை குறைத்த பண்டம் வீட்டுக்குள் வரும்போது இந்தத் தகவலும் கூடவே வர வேண்டும்.

இத்தனை எண்களுக்குச் சின்னக் கடை எங்கே போகும் என்று கேட்பது நியாயம்தான். ஆய்வகச் சோதனை நல்லது. அதற்கு முன்பே தராசு ஒன்றை வைத்துப் பாதி வேலையை முடித்துவிடலாம். போடுகிற ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இறக்கிய பண்டத்தின் மொத்த எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் பாலுக்கும் கடலைப் பருப்புக்கும் நெய்க்கும் எண்கள் இருக்கின்றன. பெருக்கி, துண்டுக் கணக்கில் வகுத்தால் மேலே நான் சொன்னவை போன்ற எண்கள் வந்துவிடும். பக்குவம் நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால்தான் அந்த எண் நிற்கும் என்பதால், மாஸ்டருக்கும் இது ஒரு கட்டுப்பாடு.

அடுப்படியிலும் சில கவனம் வேண்டும். சீனிப்பாகு கிளறிய கரண்டியையும் தட்டையும் கழுவாமல் இதற்கும் எடுப்பது, கூட்ட நேரத்தில் தட்டு மாறிப்போவது, வழக்கமான பர்பியையும் சீனியில்லா பர்பியையும் ஒரே பெட்டியில் ஒட்டி அடைப்பது ஆகியவை எல்லாம் சேர்ந்து, சரியாக எழுதிய பலகையையும் பொய்யாக்கிவிடும். சீனி பண்டத்திலுள்ள ஈரத்தைப் பிடித்து வைத்துக் கெடாமல் காப்பது. அது குறைந்தால் கோவா வகைகள் சீக்கிரம் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். சில்லறையில் விற்கும் இனிப்புத் தட்டுகளிலும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுத வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறை. சீனியில்லா வகைகளுக்கு அந்தத் தேதியை வழக்கமானதைவிட முன்னதாகவே வைக்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, கிராமத்து வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறது. அந்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்கும் அம்மா, ‘உகந்தது’ என்ற ஒரு பலகையை நம்பி நான்கு துண்டு சாப்பிட்டுவிட்டு, ராத்திரி மாத்திரை எதற்கு என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் கெடுதல் அந்தத் துண்டிலிருந்து வருவதில்லை. பலகை கொடுத்த தைரியத்தில் கூடிப்போகும் எண்ணிக்கையிலிருந்துதான் வருகிறது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: இனிப்புக்கு என்ன போட்டீர்கள், ஒரு துண்டு எத்தனை கிராம், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும். பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புக்கு எந்தத் துண்டு எவ்வளவு ஏற்றுகிறது என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. பலகை பொய் சொன்னால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.